பரிந்துரைப்பவர் கையெழுத்து

மாப்பிள்ளை அந்த மூன்று பக்கத்தையும் படித்து முடித்தார். முடித்துவிட்டு மேசைமேல் வைக்கவில்லை, வீசினார். தாள்கள் வழுக்கிக்கொண்டு போய்ப் பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் முட்டி நின்றன.

"இதுக்கு நேரா கடையைப் பூட்டி சாவியைக் கிணத்துல போட்டுடலாம்," என்றார்.

மகளைக் கட்டியவரிடம் முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்லும் வழக்கம் பெரியவருக்குக் கிடையாது. பதினோரு வருஷமாக இல்லாத வழக்கம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீரென்று வந்துவிடுமா? அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், மூடினார், மருமகளைப் பார்த்தார். எழுதினவள் நீ, நீயே சொல் என்று அதற்கு அர்த்தம்.

குழாய், வால்வு, தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சாமான் மொத்த வியாபாரம். பெரியவர் முப்பத்தொரு வருஷமாக நடத்துகிறார். மகனுக்குக் கிடங்கும் லாரியும். மாப்பிள்ளைக்கு விற்பனையும் வசூலும், எழுதிக் கொடுத்த கால் பங்கும். கணக்குப் பார்த்தவர் ஐந்து மாதத்துக்கு முன்னால் கண் தெரியவில்லை என்று நின்றுகொண்டதிலிருந்து கணக்கு மருமகள் கைக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தில் ஆறு வருஷம் கடன் பிரிவில் இருந்தவள். அங்கே ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கே நாலு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே லட்ச லட்சமாகச் சரக்கு, "நம்ம ஆளுதான், போட்டு அனுப்பு" என்ற ஒரு வார்த்தையில் லாரி ஏறியது. அதைப் பார்த்து முதல் மாதம் அவளுக்குத் தூக்கம் போயிற்று. இரண்டாம் மாதம் அவள் பயந்தது நடந்தது. ஏழு லட்சம் பாக்கி வைத்திருந்த ஒரு கடைக்காரர், கடையை இரவோடிரவாகக் காலி செய்துவிட்டுப் போனார். ஷட்டர்மேல் 'வாடகைக்கு' என்ற பலகை மட்டும் தொங்கியது.

அதற்குப் பிறகுதான் வங்கி விழித்துக்கொண்டது. குடியிருக்கிற வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் கடைக்கு மிகைப்பற்றுக் கடன் வாங்கியிருந்தார்கள். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், யாருக்குக் கடன், எவ்வளவு வரை, எத்தனை நாள், தவறினால் என்ன செய்வீர்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்றார் மேலாளர். இன்னொரு ஏழு லட்சம் போனால் பத்திரம் திரும்பி வராது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துச் சொன்னதால் அது குறைந்துவிடவில்லை. அந்த வீட்டின் மாடியில்தான் மருமகள் குடும்பம் நடத்துகிறாள்.

"என்ன அண்ணா பிடிக்கலை இதுல?" என்று கேட்டாள்.

நாத்தனார் புருஷன், முறைக்கு அண்ணன். அந்த 'அண்ணா'வில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

"எது பிடிச்சிருக்குன்னு கேளும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும். புது ஆளுக்கு மூணு மாசம் ரொக்கம். அப்புறமும் வேற ரெண்டு மொத்தக் கடையில விசாரிச்சுத்தான் கடன். பில் தேதியிலேர்ந்து முப்பது நாள். அதுக்கு மேல பதினஞ்சு நாள் தாண்டினா போன், இன்னொரு பதினஞ்சு தாண்டினா சரக்கு நிறுத்தம். நான் தெருத்தெருவா அலைஞ்சு ஆர்டர் பிடிப்பேன். நீ மின்விசிறிக்குக் கீழ உக்காந்து நிறுத்துவே. அப்படித்தானே?"

"சரக்கு குடுக்கறது வியாபாரம் இல்லைண்ணா. குடுத்ததுக்குப் பணம் வர்றதுதான் வியாபாரம்."

"அப்புறம் இது. ரொம்ப அழகு. என் கமிஷன் இனிமே பில் போட்டதும் கிடையாது, வசூல் ஆனாத்தான்." மாப்பிள்ளை பெரியவர் பக்கம் திரும்பினார். "மாமா, வீட்டு மாப்பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு எழுதற அளவுக்கு வந்தாச்சு. அடுத்தது வருகைப் பதிவேடா?"

"எழுதினது வங்கிக்காக மாப்பிள்ளை," என்றார் பெரியவர். பிறகு அவசரமாக மருமகளிடம், "ஏம்மா, அவசரத்துக்கு ஒரு வழி வேணும்ல. நாளைக்கே ஒரு நல்ல ஆளு வந்து நின்னா, கட்டுப்பாடு கட்டுப்பாடுன்னு விரட்ட முடியுமா?"

"ஏழாவது விதியைப் பாருங்க மாமா. வழி இருக்கு."

ஏழாவது விதி இப்படி இருந்தது: வரம்பைத் தாண்டியோ, நிறுத்தத்தில் இருக்கும்போதோ ஒருவருக்குச் சரக்குப் போக வேண்டுமென்றால், கடையில் அவருக்காகக் கேட்பவர் படிவத்தில் பரிந்துரைப்பவராகக் கையெழுத்திட வேண்டும். முதலாளியும் ஒப்ப வேண்டும். தவணைக்குள் பணம் வராவிட்டால், அந்தத் தொகை பரிந்துரைத்தவரின் பங்கிலோ சம்பளத்திலோ பிடித்துக்கொள்ளப்படும்.

மாப்பிள்ளை அதைப் படித்தபோது மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். மருமகள் அந்தச் சிரிப்பை மனத்தில் குறித்துக்கொண்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த விதியை எழுதும்போது அவள் கண்முன்னால் இருந்தது ஒரே ஒரு முகம்தான்.

கடைசிப் பக்கத்தில் வாடிக்கையாளர் பட்டியல். அறுபத்திரண்டு பேர். பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை என்றால் சராசரி மாத வாங்கலில் ஒன்றரை மடங்கு வரை கடன். மஞ்சளுக்கு அதில் பாதி. சிவப்பு என்றால் பழைய பாக்கி தீரும்வரை ரொக்கம் மட்டும். ரொக்கமாக வாங்கினால் எந்த நிறத்துக்கும் நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி.

மாப்பிள்ளையின் விரல் பச்சையில் மேலிருந்து கீழே ஓடியது. எதையோ தேடுகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

"உன் கூடப் பொறந்த அண்ணன் எங்கம்மா?"

"சிவப்புல."

விரல் நின்றது. அவளுடைய சொந்த அண்ணன் இரண்டு தெரு தள்ளிச் சின்னதாக ஒரு குழாய்க் கடை வைத்திருந்தார். தங்கச்சி கணக்கில் உட்கார்ந்ததும் அண்ணனுக்குப் பச்சைக்கொடி காட்டுவாள், அதை வைத்து இந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போடலாம் என்று மாப்பிள்ளை தயாராக வந்திருந்தார். ஆனால் அந்த அண்ணனின் பழைய பில் ஒன்று எழுபத்தெட்டு நாளாக நிற்கிறது, அறுபது தாண்டினால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம். வாயில் வைத்த கவளத்தைப் பிடுங்கின மாதிரி ஆயிற்று மாப்பிள்ளைக்கு. அதற்காக அவளை இன்னும் கொஞ்சம் வெறுத்தார்.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. உனக்கு அதுவும் ஆடாது போல."

"கணக்குல சதை கிடையாதுண்ணா."

அப்படிச் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பச்சைப் பட்டியலின் தலையில் 'ஏழடுக்கு' இருந்தார். எப்போதோ ஏழு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி முடித்த ஒப்பந்தக்காரர். அதிலிருந்து அதுவே அவருக்குப் பேராயிற்று. மாதம் சராசரியாக ஆறு லட்சத்துக்கு வாங்குகிறார். பேரேட்டில் பாக்கி அறுபதாயிரம்தான். வரம்பு ஒன்பது லட்சம். அந்த வரியில் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் குரைத்த வாய் அங்கே மட்டும் மூடிக்கொண்டது. ஏழடுக்கு அவர் பிடித்து வந்த ஆள், அதனால் சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

பெரியவர் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமையிலிருந்து நடைமுறை.

புதன்கிழமை காலை அவள் அண்ணன் வந்தார். சட்டைப் பையில் சாமான் சீட்டு, கையில் நாற்பதாயிரம்.

"பாப்பா, ஒரு குடியிருப்புல நாப்பது வீட்டுக்குக் குளியலறை மாத்தற வேலை கிடைச்சிருக்கு. இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்லை. தொண்ணூறாயிரத்துக்குச் சாமான் வேணும். இதைப் பழைய கணக்குல வை. மூணு வாரத்துல மொத்தமும் தீர்த்துடறேன்."

அவளைவிட எட்டு வயது மூத்தவர். முப்பத்து நாலு வயதுப் பெண்ணைப் 'பாப்பா' என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல். பக்கத்து மேசையில் மாப்பிள்ளை செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாப்பதை வரவு வெச்சாலும் இன்னும் ஒரு லட்சம் நிக்குதுண்ணா. நீ சிவப்புல இருக்கே. ரொக்கம்னா இப்பவே ஏத்தித் தர்றேன்."

"சிவப்பா? நான் என்ன சாலை விளக்கா?"

"புது விதி. எல்லாருக்கும்தான்," என்று மேசைமேலிருந்த பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள்.

"விதின்னா விலக்கு ஒண்ணு இருக்கும்ல?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இருக்குங்க. ஏழாவது. உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டா போதும். நீங்க தராட்டி அவங்க சம்பளத்துல பிடிச்சுக்குவோம். ஒரு அண்ணனுக்காக இது கூடவா செய்ய மாட்டாங்க?"

அண்ணன் அவளைப் பார்த்தார். அவர் தருவார் என்று அவளுக்குத் தெரியும். ஐயாயிரம், எட்டாயிரம் என்று கசங்கின நோட்டாக, தாமதமாக, ஆனால் ஒரு காசு விடாமல் தந்திருக்கிறார். படிவம் இழுப்பறையில் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. எடுத்துக் கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளை இன்று சாயங்காலமே ஊரெல்லாம் சொல்வார்: பார்த்தீர்களா, மூன்றே நாள், முதல் விலக்கு சொந்த அண்ணனுக்கு. அதை நினைத்ததும் இழுப்பறைப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"போட முடியாதுண்ணா," என்றாள். "இப்ப வேணாம்."

"நீ நிதி கம்பெனியில சேர்றப்ப ஜாமீன் கையெழுத்து கேட்டாங்க. ஞாபகம் இருக்கா? அஞ்சு பக்கம். நான் படிச்சா பார்த்தேன்? எங்கன்னு கேட்டேன், போட்டேன்."

"அது வேற, இது வேற."

"ஆமாமா. அது உனக்கு, இது எனக்கு." நாற்பதாயிரத்தை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. "இதுக்கு ரசீது போடு. நான் என்னிக்காவது செக்குன்னு ஒரு காகிதத்தை நீட்டியிருக்கேனா? பணமாத்தான் குடுத்திருக்கேன். உங்க ஏழடுக்கு மாதிரி செக்கைக் குடுத்துட்டு, தேதி வர்றதுக்கு முன்னாடி வேற செக்கு குடுத்து மாத்திட்டே இருந்தா நானும் பச்சையாத்தான் இருப்பேன். பெயின்ட் கடையில அவன் சங்கதி நாறுது. காகிதம் குடுக்கறவன் யோக்கியன், காசு குடுக்கறவன் சிவப்பு. நல்லா எழுதினே விதி."

செய்தித்தாள் அசையவில்லை. அண்ணன் ரசீதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவள் கோபத்தில் அவர் சொன்னதைப் பாதிதான் காதில் வாங்கினாள். அடுத்தவனைக் குற்றம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மீதிப் பாதி காதுக்குள் தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழடுக்கின் ஆர்டர் அவள் மேசைக்கு வந்தது. எட்டு லட்சம். கிடங்கு வாசலில் லாரி ஏற்கெனவே பாதி ஏறியிருந்தது. புது விதிப்படி அவள் முத்திரை இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. கணக்கு ஒரு நிமிஷ வேலை. பாக்கி அறுபதாயிரம், புது ஆர்டர் எட்டு லட்சம், ஆக எட்டு அறுபது. வரம்பு ஒன்பது. முத்திரையை மையில் ஒற்றினாள்.

ஒற்றின முத்திரை அந்தரத்தில் நின்றது. செக்கை மாத்திட்டே இருந்தா நானும் பச்சைதான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் ஆரம்பித்து வைத்தது. காசோலை கைக்கு வந்த அன்றே வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் தள்ளித் தேதியிட்ட காசோலையானாலும் சரி, அன்றைக்கே பாக்கி குறைந்துவிடும். காசோலை ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். தேதி வந்ததும் மாப்பிள்ளை எடுத்து வங்கியில் போடுவார். பெட்டிச் சாவி அவரிடம்தான், ஏனென்றால் ஆளைக் கேட்காமல் போட்டுத் திரும்பினால் உறவு கெட்டுவிடுமாம். இருப்புக் கணக்கில் 'கையிலுள்ள காசோலைகள்' என்று ஒரு வரி, மொத்தமாக ஒரு தொகை. ஐந்து மாதமாக அந்த வரியை அவளும் பழைய கணக்கர் எழுதின மாதிரியே எழுதி வந்திருக்கிறாள். யாருடைய காசோலை, எத்தனை நாளாக என்று ஒரு நாள்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் அந்தப் பேரேட்டை நம்பித்தான் தீட்டினாள்.

அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவர் அறைக்குப் போனாள்.

"மாமா, காசோலைப் பெட்டியோட இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குல்ல? வங்கிக்கு எண் வாரியா பட்டியல் குடுக்கணும்."

பொய்யில்லை, கொடுக்கத்தான் வேண்டும். பெரியவர் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

ஏழடுக்கின் உறை பெட்டியின் அடியில் இருந்தது. உள்ளே ஐந்து காசோலைகள், எட்டு லட்சத்து நாற்பதாயிரம். ஐந்திலும் தேதி அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும். ஆனால் அவற்றுக்கான ரசீதுகள் நாலு மாதத்துக்கு முந்தியவை, ஐந்து மாதத்துக்கு முந்தியவை. ரசீதில் எழுதின காசோலை எண் வேறு, கையில் இருக்கும் காசோலை எண் வேறு. உறையின்மேல் மாப்பிள்ளையின் பென்சில் எழுத்து. ஒரு தேதி, அடித்து இன்னொரு தேதி, அதையும் அடித்து மூன்றாவது. அவள் அந்த உறையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அறுபதாயிரமும் எட்டு நாற்பதும் சேர்ந்தால் ஒன்பது லட்சம். வரம்பு இன்றைக்கே நிரம்பி விளிம்பில் நிற்கிறது. வாசலில் இன்னொரு எட்டு லட்சம் ஏறிக்கொண்டிருக்கிறது. பதினேழு போனால் வீடு போகும்.

கிடங்கு வாசலுக்கு வந்து, "இறக்குங்க," என்றாள்.

அவள் கணவன் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில்லாப் பூச்சி. "முக்கால்வாசி ஏத்தியாச்சே," என்றான், ஏற்றியதுதான் பிரச்சினை என்பதுபோல.

"ஏத்தினவங்களுக்கு இறக்கவும் தெரியும்ங்க."

மாப்பிள்ளை உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். அவள் கையில் உறையைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. குரல் மட்டும் கூடியது.

"என் பெட்டியை எவன் திறக்கச் சொன்னான்?"

"கடைப் பெட்டிண்ணா. நாலஞ்சு மாசமா இந்த அஞ்சு செக்கும் வங்கிக்குப் போகலை. ரெண்டு தடவை, மூணு தடவை மாத்தி வாங்கியிருக்கீங்க. ஏன்னு சொல்லுங்க."

"தொழில் பண்றவனுக்குக் கையிறுக்கம் வராதா? உன்னை மாதிரி மாசச் சம்பளமா அவனுக்கு? பச்சை போட்டது யாரு? வரம்பு ஒன்பது லட்சம்னு எழுதினது யாரு? நானா?"

பெரியவர் வெளியே வந்துவிட்டார். சுமை இறக்குகிறவர்கள் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் மருமகள். "தப்பு என்னோடது மாமா. பணமாகாத செக்கையும் பாக்கியோட சேர்த்துப் பார்த்திருக்கணும். பார்க்கலை. பேரேட்டை நம்பிட்டேன். ஆனா இவருக்கு அது தெரியும். அந்த வரியைப் படிச்சப்ப வாயை மூடிட்டு இருந்தாரு."

"கேட்டுக்கோங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "தப்பு அவளோடது, பழி எனக்கு. மருமக உடைச்சா மண்குடம், மாப்பிள்ளை உடைச்சா பொன்குடமா? நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்த ஆளோட கட்டடம் பாதியில நிக்குது. இந்தச் சாமான் போனா வேலை முடியும், முடிஞ்சா அவருக்குப் பணம் வரும், அந்த எட்டு நாப்பதும் வசூலாகும். இது போகலைன்னா பழசும் கோவிந்தா. அப்புறம் பத்திரம் போச்சு, வீடு போச்சுன்னு என்கிட்ட வந்து அழக் கூடாது."

அந்தப் பேச்சில் பாதி நியாயமும் இருந்தது, அதுதான் ஆபத்து. மாட்டிக்கொண்ட பணத்தை மீட்க இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுக் கேட்டுத்தான் எத்தனையோ கடைகள் மூழ்கியிருக்கின்றன. கேட்கும்போது மட்டும் அது புத்திசாலித்தனமாகத்தான் படும். பெரியவர் லாரியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா," என்று மருமகளிடம் இழுத்தார். "மாப்பிள்ளை சொல்றதும்..."

அவள் உள்ளே போய் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து வந்தாள். ஏழடுக்கின் பேர், எட்டு லட்சம், தவணை முப்பது நாள் என்று நின்றபடியே பூர்த்தி செய்து, லாரிப் பலகைமேல் வைத்தாள். மேலே பேனா.

"ஏழாவது விதி மாமா. அண்ணனுக்கு அந்த ஆளைப் பத்தி நம்மளைவிட நல்லாத் தெரியும். பரிந்துரைப்பவர்னு கையெழுத்துப் போடட்டும். போட்டா லாரி போகட்டும், நான் குறுக்க நிக்கலை. வரலைன்னா இவர் கால் பங்குல பிடிச்சுக்குவோம். வந்துடும்னுதானே சொல்றாரு?"

மாப்பிள்ளை பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். படிவத்தைக் கையிலெடுத்துப் படித்தார். போன வாரம் வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே படித்த அதே வரிகள். இப்போது சிரிக்கவில்லை. கடைசி வரியிலிருந்து மறுபடி முதல் வரிக்குப் போனார். தோளில் குழாயோடு நின்ற ஒருவன் பாரத்தை மாற்றிக்கொண்டான். மூன்றாம் முறை படிக்கும்போது பேனா மூடி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"என்மேல நம்பிக்கை இல்லாத எடத்துல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்று படிவத்தைத் திருப்பி வைத்தார்.

பெரியவர் படிவத்தை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். பிறகு மகனிடம், "இறக்குப்பா," என்றார். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நம்பற ஆளுக்குப் போடறவன் படிச்சுப் பார்க்க மாட்டான். படிக்க ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஜெயித்தவள் மருமகள்தான். ஆனால் அந்த வார்த்தை மாப்பிள்ளையை விட்டுவிட்டு நேராக அவள்மேல் வந்து விழுந்தது. அஞ்சு பக்கம், நான் படிச்சா பார்த்தேன் என்று கேட்டவரின் முகம் எதிரே வந்து நின்றது.

அன்றே மூன்றாவது விதியைத் திருத்தி எழுதினாள்: 'பாக்கி என்பது வங்கியில் பணமாகாத காசோலைகளையும், அனுப்பவேண்டிய ஆர்டர்களையும் சேர்த்தது. காசோலையை மாற்றித் தந்தால், பழைய பில்லின் தேதியே தேதி.' ஏழடுக்கு சிவப்புக்குப் போனார். இரண்டு நாள் தொலைபேசியில் வசைபாடிவிட்டு, வேறு மொத்தக் கடை கதவைத் திறக்காததால், வாரம் நாற்பதாயிரம் கட்ட ஒப்புக்கொண்டார். வங்கி மேலாளர் மூன்றாவது விதியை இரண்டு முறை படித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நாத்தனார் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். மாப்பிள்ளை கடைக்கு வந்தார், ஆனால் மருமகள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் வேலை செய்யும் நேரமெல்லாம் அந்த முதுகுதான் எதிரே இருந்தது.

இன்னொரு படிவமும் எழுதினாள். அவள் அண்ணன் பேரில், தொண்ணூறாயிரம். பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்து. 'சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்பதன் கீழே கோடும் போட்டாள். பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒப்பினார். அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் தினமும் அடித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் நடந்து வந்தார். எப்போதும் வாசலில் நிற்கும் அவருடைய சின்னச் சரக்கு வண்டியைக் காணோம். நேராக அவள் மேசைக்கு வந்து ஒரு கட்டை வைத்தார். இந்த முறை சத்தமே இல்லை.

"ஒரு லட்சம் இருக்கு, எண்ணிக்கோங்க," என்றார். "பழைய பாக்கி மொத்தமும் தீர்ந்துச்சா பாருங்க."

எண்ணிக்கோங்க. பாருங்க. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்தது கிடையாது.

"அண்ணா, வண்டி எங்க?"

"வித்தாச்சுங்க."

"அந்த நாப்பது வீட்டு வேலை?"

"வேற ஆளுக்குப் போயிடுச்சுங்க. சாமான் இல்லாம யாரு காத்திருப்பாங்க?" ஒரு சீட்டை நீட்டினார். "இது இன்னிக்கு வேணும். ரெண்டு வால்வு, கொஞ்சம் குழாய். ரொக்கம்."

அவள் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "தப்புப் பண்ணிட்டேண்ணா. நான் போட்டிருக்கேன் பாரு. கீழ வாடிக்கையாளர்னு இருக்குல்ல, அங்க ஒரு கையெழுத்துப் போடு. இனிமே உனக்கு நான் ஜவாப்தாரி."

அண்ணன் படிவத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நிதானமாக, ஒரு சொல் விடாமல். அவள் அவர் கண்கள் வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த முதுகும் திரும்பிப் பார்த்தது.

அவர் படிவத்தை மடிக்காமல், கசக்காமல், அவள் முன்னால் நேராக வைத்தார்.

"ரொக்கத்துக்கு வாங்கறவனுக்கு இது எதுக்குங்க?"

அவள் படிவத்தை ஓரமாக எடுத்து வைத்தாள். பில்லைப் போட்டாள். நாலாயிரத்து முந்நூறு. அவர் பில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"ரொக்கத்துக்கு நூத்துக்கு ரெண்டு தள்ளுபடின்னு உங்க விதியில இருக்காமே."

எண்பத்தாறைக் கழித்து, நாலாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்று எழுதினாள். அவர் நாலாயிரத்து இருநூற்று இருபதை எண்ணி வைத்தார். அவள் அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"மீதி ஆறு ரூபாய் தரணும்ங்க," என்றார்.